காலை ரொட்டியும் கக்கூஸ் நேரமும்



சம்பளத்தைப் பற்றியும் சேமலாப நிதியைப் பற்றியும் எழுதுகிற இந்தப் பத்தியில் இந்த மாதம் மலசலகூடம் போவதைப் பற்றி எழுதுகிறோம். சிலர் முகம் சுழிக்கக்கூடும். ஆனால் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு அக்காமார் சொல்கிற குறைகளில் இது அடிக்கடி வருகிறது. "சொல்லவே வெக்கமா இருக்கு டீச்சர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வெட்கப்படுகிற விஷயம் கூட்டத்தில் பேசப்படாது, பேசப்படாத விஷயம் கோரிக்கைப் பட்டியலிலும் ஏறாது. அதனால் இங்கே வெளிப்படையாகவே பேசுவோம்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா இருக்கிறார். வயது நாற்பத்துமூன்று. பத்தொன்பது வயதில் பேர் பதிந்தவர். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறார், அதுவும் கல்லு மாதிரி. வெகுநேரம் முக்கி உட்கார வேண்டியிருக்கிறது, சில நாள் இரத்தமும் படுகிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த பாணி மருந்தைக் குடிக்கும்வரை சரியாக இருக்கும், நிறுத்தினால் பழைய கதைதான். முதலில் நாங்கள் அவரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டோம். பிறகு, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள், எத்தனை மணிக்குச் செய்கிறீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னோம்.

நாலரைக்கு எழும்புகிறார். அடுப்பு மூட்டி ஒரு கோப்பை சாயத்தண்ணி குடிக்கிறார். மா பிசைந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, வீட்டுக்காரருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தனக்குமாகக் கட்டி வைக்கிறார். ஆறு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க விடுகிறார். ஆறரைக்குக் கூடையோடு கிளம்பி ஏழு மணிக்குப் பெரட்டில் நிற்கிறார். அதுவரை வாயில் ஒரு துண்டு ரொட்டிகூடப் போகவில்லை. ஒன்பதரைக்கு மலையில் தேத்தண்ணி நேரம். அப்போதுதான் ரொட்டியைப் பிரிக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறோம். "சாப்பிட்டுப் பத்து, பதினைஞ்சு நிமிசத்துல வயிறு கூப்பிடும் டீச்சர். அந்த மலையில எங்க போறது? அடக்கிக்கிட்டு நெறைய ஆரம்பிச்சுருவேன். கொஞ்ச நேரத்துல அது போயிரும். அந்திக்கு வீட்டுக்கு வந்து உக்காந்தா ஒண்ணும் வராது."

நோய்க்கான காரணம் முழுவதும் இந்த நாலைந்து வாக்கியத்துக்குள் இருக்கிறது. அதை அவிழ்த்துப் பார்ப்போம்.

சாப்பிட்டவுடன் வயிறு கூப்பிடுவது எல்லா மனிதருக்கும் உள்ள ஒரு தெறிவினை. சூடான சட்டியில் கை பட்டால் யோசிக்காமலே இழுத்துக்கொள்கிறோமே, அதைப் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகம் தெறிவினை என்கிறது. அதே போல, இரைப்பையில் சாப்பாடு விழுந்தால் பெருங்குடல் அசையத் தொடங்குகிறது. இதற்கு இரைப்பை–பெருங்குடல் தெறிவினை என்று பெயர். பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைக் கவனித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பால் குடித்து முடிக்கும் முன்பே பிள்ளை துணியை நனைத்துவிடும். "பால் ஒத்துக்கொள்ளவில்லை, குடிச்சது அப்படியே போகுது" என்று பாட்டிமார் சொல்வார்கள். போனது அப்போது குடித்த பால் அல்ல. மேலே பால் இறங்கியதும், கீழே முன்பே தயாராக இருந்தது தள்ளப்படுகிறது. பெரியவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. இன்று காலை தின்ற ரொட்டி வெளியே வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இன்று காலை ரொட்டி செய்கிற வேலை, முந்திய சாப்பாட்டுக்கு வழிவிடச் சொல்லி மணி அடிப்பது.

அந்த மணி இரண்டு வழியாக அடிக்கிறது. ஒன்று நரம்பு. இரைப்பை நிறைந்து விரியும்போது அதன் சுவரிலுள்ள நரம்புகள் சில நிமிடத்துக்குள் பெருங்குடலுக்குச் செய்தி அனுப்புகின்றன. மற்றது ஓமோன். இரைப்பையிலிருந்து கஸ்திரின் என்ற ஓமோனும், கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலின் தொடக்கத்தை எட்டும்போது கொலிசிஸ்டோகைனின் என்ற ஓமோனும் இரத்தத்தில் கலந்து பெருங்குடலைத் தூண்டுகின்றன. ஒரு கோப்பை சாயத்தண்ணிக்கு இந்த மணி மெதுவாகத்தான் கேட்கும். வயிறு விரிகிற அளவு சாப்பாடு, அதில் கொஞ்சம் கொழுப்பு இருந்தால் உரக்கக் கேட்கும். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அதற்குப் போதும்.

மணி அடித்ததும் பெருங்குடல் என்ன செய்கிறது? சாதாரண நேரத்தில் அது உள்ளே இருப்பதை முன்னும் பின்னுமாகக் கிளறித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும், தூர நகர்த்தாது. ஒரு நாளில் சில தடவை மட்டும், குடலின் ஒரு நீளமான பகுதி ஒரே வீச்சில் சுருங்கி, உள்ளே இருப்பதை வெகுதூரம் முன்னே தள்ளும். இந்தப் பெருந்தள்ளல் இரவில் நாம் தூங்கும்போது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. விழித்து எழுந்ததும் பெருங்குடலும் விழிக்கிறது. அந்த நேரத்தில் சாப்பாடும் விழுந்தால் இரண்டும் சேர்ந்து நாளின் பலமான தள்ளலாக அமைகிறது. அதனால்தான் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகான அரை மணி நேரத்துக்கு இத்தனை மதிப்பு. மதியமும் இராத்திரியும் சாப்பிட்ட பிறகும் தள்ளல் வரும், ஆனால் காலையின் பலம் பெரும்பாலும் இருக்காது.

தள்ளப்பட்டது பெருங்குடலின் கடைசிப் பகுதியான நேர்குடலுக்குள் வந்து அதன் சுவரை விரிக்கும்போதுதான் 'போகவேண்டும்' என்ற உணர்வு நமக்கு வருகிறது. மலவாசலில் இரண்டு இறுக்கித் தசைகள் உண்டு. உள்ளே இருப்பது நம்மைக் கேட்காமல் தானே தளர்ந்துவிடும். வெளியே இருப்பது நம் கட்டளைக்குக் கட்டுப்பட்டது. அந்த அக்கா மலையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது இந்த வெளித்தசையைத்தான். கொஞ்ச நேரம் அப்படிப் பிடித்தால் நேர்குடல் தளர்ந்து இடம் கொடுத்துவிடும், உணர்வு அடங்கிவிடும். "அது போயிரும்" என்று அவர் சொன்னது சரி. ஆனால் போனது உணர்வு மட்டும். சரக்கு உள்ளேயேதான் இருக்கிறது.

இருக்கிற சரக்கிலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதன் தொழிலே அதுதான். ஒரு நாளில் சிறுகுடலிலிருந்து சுமார் ஒன்றரை லீற்றர் தண்ணீர் அதற்குள் வருகிறது, மலத்தோடு வெளியே போவதோ ஒரு கோப்பைகூட இராது. காலையில் இளக்கமாக இருந்தது அந்திக்குள் இறுகுகிறது, மறுநாளுக்குள் இன்னும் இறுகுகிறது. அந்திக்கு வீட்டில் வந்து உட்காரும்போது தள்ளுகிற அலை இல்லை, கெட்டியான சரக்கு மட்டுமே இருக்கிறது. அதை முக்கியே வெளியேற்ற வேண்டும். முக்கினால் மலவாசல் கீறுகிறது, இரத்தம் படுகிறது. கீறலின் வலிக்குப் பயந்து மறுநாளும் அடக்கத் தோன்றுகிறது. இது வருடக்கணக்கில் நடந்தால் நேர்குடல் அகன்று, அழைப்பே சரியாகக் கேட்காத நிலை வந்துவிடுகிறது.

மலையில் போக இடமில்லை என்பதால் இந்த அக்கா தண்ணீரும் குடிப்பதில்லை. வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காத உடம்பு, உள்ளே கிடைக்கிற ஒவ்வொரு சொட்டையும் உறிஞ்சத்தானே பார்க்கும்.

இரத்தம் படுவதால் முதலில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் பரிசோதித்து, மலவாசலில் கீறல் என்று சொல்லி, பூசுகிற மருந்தும், மலத்தை இளக்குகிற மருந்தும் கொடுத்தார். காலையில் சாப்பிட்டுவிட்டு, உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காரும்படியும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை லயத்து வாழ்க்கைக்குள் எப்படிப் பொருத்துவது என்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது.

அவருடைய காலையில் நாங்கள் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். கட்டிக்கொண்டு போகிற ரொட்டியில் ஒன்றை வீட்டிலேயே சாப்பிடுவது. ஐந்தேகாலுக்கு முதல் ரொட்டி கல்லிலிருந்து இறங்குகிறது. அதைச் சம்பலோடு சாப்பிட்டு, சாயத்தண்ணியும் ஒரு கோப்பை தண்ணீரும் குடிக்கிறார். மீதி ரொட்டியைச் சுட்டு முடிக்க ஐந்தரை, ஐந்தே முக்கால் ஆகிவிடும். அந்த நேரத்தில் போய் உட்காருகிறார். மலைக்கு ஒன்பதரைக்கான ரொட்டி வழக்கம்போலப் போகிறது. சாப்பாட்டின் அளவு கூடவில்லை, ஒரு பகுதி நாலு மணி நேரம் முன்னுக்கு வந்தது, அவ்வளவுதான்.

உட்காருகிற முறையையும் சொல்லிவைத்தோம். ஐந்து நிமிடம் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. குந்துகிற கக்கூஸ் என்றால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். இப்போது புது வீடுகளில் வருகிற கொமட் என்றால் காலடியில் ஒரு சிறு பலகையை வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேலே வருமாறு சற்று முன்னுக்குக் குனிந்து உட்கார வேண்டும். நேர்குடலைச் சுற்றி இழுத்துப் பிடிக்கிற ஒரு தசை அந்த இருப்பில்தான் நன்றாகத் தளர்கிறது. வராவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும், மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி போகவேண்டும்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. "சும்மா போய் உக்காந்துட்டு வாறேன்" என்று சிரித்தார். டாக்டர் கொடுத்த மருந்து இளக்கியிருந்தாலும் அழைப்பு பழைய நேரத்தில், மலையில்தான் வந்தது. இரண்டாம் வாரத்தில் இரண்டு காலை வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு பெரும்பாலான நாட்களில் ஆறு மணிக்குள் முடிந்துவிடுகிறது. டாக்டர் சொன்னபடி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மூன்றாம் மாதத்தில் நிறுத்தினார். கீறலும் ஆறியது. வருடக்கணக்கில் அடங்கிப் பழகிய குடல் ஒரு வாரத்தில் திரும்பாது. முதல் வாரத்தோடு விட்டுவிடுகிறவர்களுக்கு இது பலிக்காது என்பதை அவருடைய கதையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இதே கதையை வகுப்பறையிலும் பார்க்கிறோம். வெறும் வயிற்றில் பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகள் இடைவேளையில்தான் முதல் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். அழைப்பு பதினொரு மணிப் பாடத்தில் வருகிறது. பள்ளிக்கூடக் கக்கூஸில் தண்ணீர் இல்லாத நாட்களே அதிகம், கதவுக்குக் கொண்டியும் இல்லை. பிள்ளை அடக்கிவிடும். பல வாரம் அடக்கிய பிள்ளைக்கு உள்ளே கட்டியாகத் தங்கி, அதைச் சுற்றித் தண்ணியாகக் கசிந்து காற்சட்டையில் படும். இதை வயிற்றோட்டம் என்று நினைத்து வீட்டில் அதற்கு மருந்து கொடுப்பார்கள், சோம்பல் என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. அந்தக் கசிவு பிள்ளைக்குத் தெரியாமலே நடக்கிறது. அந்தப் பிள்ளையை டாக்டரிடம் காட்டி முதலில் கட்டியை இளக்கி வெளியேற்ற வேண்டும், பிறகு காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் உட்காரப் பழக்க வேண்டும். பயமுறுத்தாமல், பக்கத்தில் யாராவது நின்று.

இது எல்லாவற்றுக்கும் மருந்தல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். தெறிவினை தள்ளத்தான் செய்யும், தள்ளுவதற்கு உள்ளே இளக்கமான சரக்கு வேண்டும். வெறும் கோதுமை மா ரொட்டியில் நார் குறைவு. கீரை, பயறு, கடலை, வாழைப்பழம், தண்ணீர் இவை இல்லாமல் நேரம் மட்டும் பார்த்துப் பயனில்லை. கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்கும். அதை நிறுத்தாமல், கிளினிக்கில் சொல்லி ஆலோசனை கேட்க வேண்டும். தினமும் போகாதவர் எல்லாம் நோயாளி அல்ல. மூன்று நாளுக்கு ஒரு தடவை என்றாலும் இளக்கமாக, வலியில்லாமல் போனால் அது அவருடைய உடம்பின் வழக்கம். சிலருக்கு இந்தத் தெறிவினை தேவைக்கு மேல் பலமாக இருந்து, சாப்பிட்டவுடன் வயிறு முறுக்கி ஓடவேண்டிவரும். அவர்களுடைய சிக்கல் வேறு, அவர்களும் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரத்தம் படுவது, காரணமில்லாமல் மெலிவது, நடுவயதுக்கு மேல் பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் அப்படியே இருப்பது, இவை இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். வயிறு ஊதி, வாந்தி எடுத்து, காற்றும் போகவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி சங்கத்தின் பக்கம் வருவோம். முதல் சாப்பாடு எங்கே விழுகிறதோ அங்கேதான் அழைப்பு வரும். அந்த அக்காவால் அதை வீட்டுக்கு மாற்ற முடிந்தது. அவருடைய கக்கூஸ் அவர் வீட்டுக்கே உரியது, தண்ணீரும் இருக்கிறது. அடுத்த லயத்தில் ஒரே கக்கூஸுக்குப் பல குடும்பம். ஐந்தரை மணி இருட்டில் அங்கே வெளிச்சம் கிடையாது, தண்ணீரைப் பீலியிலிருந்து வாளியில் தூக்கிவர வேண்டும். அந்த லயத்துப் பெண்ணிடம் 'சாப்பிட்டுவிட்டுப் போய் உட்காருங்கள்' என்று மட்டும் சொல்வது அறிவுரை ஆகாது. அழைப்பு வருகிற அரை மணி நேரத்தில் அவருக்கு முன்னால் நாலு பேர் நிற்பார்கள்.

அதனால் எங்கள் கருத்து இது. கொழுந்து நிறுக்கிற இடங்களுக்குப் பக்கத்தில் தண்ணீரோடு கூடிய மலசலகூடம் வேண்டும் என்ற கோரிக்கையை 'வசதி' என்ற தலைப்பில் வைக்காமல் உடல்நலம் என்ற தலைப்பில் வைக்க வேண்டும். தேத்தண்ணி நேரம் ஒன்பதரை என்றால் ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரை அதற்குத் தேவை அதிகம் என்பதை நிர்வாகத்துக்கு நேரத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தொழிலாளி மலையை விட்டு இறங்கி வந்தால் அதற்காகக் கங்காணி பேச்சுப் பேசவும் கூடாது, கொழுந்து குறைந்தது என்று அரைப்பேர் போடவும் கூடாது. லயத்துப் பொதுக் கக்கூஸ்களுக்கு முதலில் ஒரு பல்பும் ஒரு தண்ணீர்க் குழாயும் கேட்போம். அது பெரிய செலவு இல்லை.

தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்தில் எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கக்கூஸ், அதில் எத்தனைக்குத் தண்ணீர், எத்தனைக்கு வெளிச்சம், மலையில் எங்கே இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். காலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் போய்ப் பார்த்து எழுதுங்கள். பகல் பத்து மணிக்குப் போனால் வரிசை தெரியாது.

அந்த அக்கா இப்போது மலைக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகிறார். பக்கத்து நிரையில் நிற்கிற பெண்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிறார். "மொத ரொட்டிய நீ தின்னு, மிச்சத்தை மத்தவங்களுக்குக் கட்டு" என்பாராம். காலங்காலமாக வீட்டில் எல்லாருக்கும் கட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றவர்கள் நம் பெண்கள். அந்த வரிசையை மாற்றச் சொல்கிற அவருடைய வார்த்தையை எங்கள் பள்ளிக்கூடத்துத் தாய்மார் கூட்டத்திலும் இனி சொல்லப்போகிறோம்.